ஸ்பொஞ்சு கேக் நடுவில் ஏன் அமுங்குகிறது? வீட்டில் கேக் சுடுபவர்கள் கேட்ட கேள்விகள்

கிளிநொச்சியில் வீட்டிலிருந்தபடியே ஓடருக்குக் கேக் சுட்டுக் கொடுக்கிறேன். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, கிறிஸ்மஸ் என்று வந்துவிட்டால் தொலைபேசியில் ஓடர்களைவிடக் கேள்விகள்தான் அதிகம் வரும். அவற்றில் பாதிக்கு மேல் இந்த நடுக்குழி பற்றியவை. பட்டர் கேக் வேறு விதமாக நடந்துகொள்ளும். அதை இங்கே எடுக்கவில்லை. முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பொஞ்சு கேக் பற்றி மட்டுமே எழுதுகிறேன். என் அளவு இதுதான்: முட்டை 4, சீனி 120 கிராம், கோதுமை மா 120 கிராம், உருக்கிய பட்டர் 30 கிராம், 8 அங்குல வட்டத் தட்டு. கீழே வரும் கணக்குகள் இந்த அளவை வைத்துச் சொன்னவை.

அக்கா, ஓவனுக்குள் அழகாக உப்பி நின்றது. வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. என்ன நடந்தது?

நடுப்பகுதி வேகவில்லை. இப்படிச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ஆனால் என்னிடம் வந்த பத்துக் கேக்குகளில் ஏழெட்டுக்கு இதுவே காரணமாக இருந்தது.

கலவை என்பது நுரைதான். அடித்த முட்டைக்குள் எண்ணற்ற சிறு குமிழ்கள் இருக்கின்றன. சூடு ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று விரிகிறது, கலவையின் நீர் ஆவியாகிக் குமிழ்களை ஊதுகிறது, கேக் எழும்புகிறது. இந்த நேரத்தில் குமிழ்களின் சுவர் இன்னும் ஈரக் கூழ். அது உறைந்து கெட்டியாக வேண்டுமானால் முட்டை இறுக வேண்டும், மாவில் உள்ள மாச்சத்து நீரைக் குடித்து வீங்க வேண்டும். சீனி அதிகம் உள்ள கலவையில் இரண்டும் சற்றுத் தாமதித்தே நடக்கும். விளிம்பு தட்டின் சூட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதால் முதலில் உறைகிறது. நடுப்பகுதிக்குச் சூடு கடைசியில்தான் போய்ச் சேர்கிறது.

அந்தக் கடைசிச் சில நிமிடங்களுக்கு முன்பே வெளியே எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகிவிடும், காற்றும் சுருங்கும். விளிம்புச் சுவர் இறுகிவிட்டதால் நிற்கிறது. நடுச் சுவர் கூழாக இருப்பதால் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் இறங்கிவிடுகிறது. பந்தலின் சுற்றுக் கால்களை நட்டுவிட்டு நடுக்காலை மறந்தது போலத்தான்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். எப்போது அமுங்கியது என்பதே பாதிப் பதில். வெளியே எடுத்த பிறகு அமுங்கினால் வேக்காடு போதவில்லை. ஓவனுக்குள் இருக்கும்போதே, நீங்கள் கதவைத் தொடாமலே அமுங்கினால் பேக்கிங் பவுடர் கூடிவிட்டது, அல்லது சூடு போதாமல் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறது. ஆறும்போது முழுக் கேக்கும் ஒரே மட்டமாக நாலைந்து மில்லிமீற்றர் இறங்கினால் அது குறையே அல்ல, எல்லா ஸ்பொஞ்சும் அப்படித்தான்.

மேல் பொன்னிறமாகிவிட்டது. ஈர்க்கால் குத்தியும் பார்த்தேன், சுத்தமாகத்தான் வந்தது. பிறகு எப்படி வேகவில்லை என்கிறீர்கள்?

முதலில் நிறம். வீடுகளில் இருக்கும் சிறிய மேசை ஓவன்களில் மேல் கம்பி கேக்குக்கு மிகக் கிட்ட இருக்கிறது. 18 நிமிடத்திலேயே மேலே நிறம் வந்துவிடும், உள்ளே கூழ் கொதித்துக்கொண்டிருக்கும். தட்டைக் கீழ் அடுக்கில் வையுங்கள். 22, 23 நிமிடம் கடந்து மேல் தோல் இறுகிய பிறகும் நிறம் வேகமாக ஏறினால் ஒரு துண்டு அலுமினியத் தாளை மேலே சும்மா போட்டுவிட்டுத் தொடர்ந்து சுடுங்கள்.

அடுத்தது ஈர்க்கு. பட்டர் கேக்கின் கூழ் கனமானது, ஈர்க்கில் ஒட்டும். ஸ்பொஞ்சின் கூழ் வெறும் நுரை. வழுவழுப்பான ஈர்க்கில் ஒட்டாமல் வழுக்கிவிடுவதுண்டு. மேலும் பலர் தயங்கித் தயங்கி ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் எங்கோ குத்துகிறார்கள். குத்துவதானால் நட்டநடுவில், அடிவரை குத்த வேண்டும். வழுவழு ஈர்க்கைவிடச் சற்றுச் சொரசொரப்பான மூங்கில் குச்சி உண்மை பேசும்.

நான் நம்புவது விரலையும் காதையும். நடுவில் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் உடனே மேலே வந்துவிட்டால் வெந்துவிட்டது. விரல் அடையாளம் அப்படியே நின்றால், அல்லது உள்ளே ஏதோ தளும்புவது போல இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் வேகாத ஸ்பொஞ்சு சரசரவென்று ஓயாமல் இரையும். வெந்ததில் அந்த இரைச்சல் அடங்கி அங்கொன்று இங்கொன்றாகத்தான் கேட்கும். விளிம்பும் தட்டை விட்டு ஒரு நூல் அளவு விலகியிருக்கும். குத்திப் பார்க்கும் வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கலையெல்லாம் தேவையில்லை. நட்டநடுவில் 95 பாகை செல்சியஸைத் தாண்டினால் எடுத்துவிடலாம்.

அமுங்கிய கேக்கை வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியுமா?

தெரியும். அதனால்தான் அமுங்கிய கேக்கைத் தூக்கி எறியாமல் நடுவால் வெட்டி, வெட்டுமுகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். மேலிருந்து எடுத்த படத்தால் ஒரு பயனும் இல்லை. எல்லாக் குழியும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

குழிக்கு நேர் கீழே மினுமினுப்பான, மஞ்சள் கடும் நிறப் பட்டை ஒன்று தெரிந்து, விரலால் தொட்டால் களி போல ஒட்டினால் அது வேகாத நடு. பட்டை மேலே அகன்று கீழே ஒடுங்கி ஆப்பு வடிவில் இருக்கும். வேக்காடு எவ்வளவு குறைந்தது என்பதை அந்த ஆப்பின் பருமனே சொல்லிவிடும்.

நடுவில் பட்டை இல்லை, நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஆனால் கண்ணறைகள் பெரிதாகவும் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கின்றன என்றால் வாயு கூடிப்போய்ச் சுவர் உடைந்திருக்கிறது. மேல் தோல் தனியே மெல்லிய ஓடாக நிற்கும், தொட்டால் உதிரும்.

மூன்றாவது ஒன்று உண்டு. அடியில் மட்டும் ரப்பர் போல ஒரு தட்டையான வரி, தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே பருமனில் ஓடும். அதைப் பார்த்துவிட்டு வேகவில்லை என்று நினைத்து மேலும் பத்து நிமிடம் சுட்டுக் கேக்கைக் காய வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பட்டர் கீழே இறங்கியதால் வருவது, குழியோடு சம்பந்தமில்லை. உருக்கிய பட்டரில் முதலில் இரண்டு கரண்டி கலவையைப் போட்டுக் கரைத்து, பிறகு அதை மொத்தக் கலவையில் சேர்த்தால் அந்த வரி வராது.

எப்போதும் 180இல் வைத்துத்தான் சுடுகிறேன். காலையில் சுட்டால் நன்றாக வருகிறது, மாலையில் சுட்டால் அமுங்குகிறது. ராசியா?

ராசி இல்லை, மின்சாரம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் தர்மபுரம் பக்கத்தில் இருக்கிறார். பகலில் வேலைக்குப் போவதால் மாலை ஏழு மணிக்குத்தான் அடுப்படிக்குள் நுழைய முடியும். மாவை மாற்றினார், முட்டைக் கடையை மாற்றினார், பேக்கிங் பவுடர் புதிதாக வாங்கினார். குழி மாறவில்லை. அனுப்பிய படத்தில் ஆப்பு வடிவப் பட்டை ஒன்றரை அங்குலம் அகலத்துக்கு இருந்தது. ஒரு சனிக்கிழமை என்னுடைய ஓவன் வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அது ஓவனுக்குள்ளேயே வைக்கும் சிறிய வட்ட முள் வெப்பமானி. கேக் சுடுபவர்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் அதுதான் என்பேன். புதிய பீற்றர் அதற்குப் பிறகு.

காலை பத்து மணிக்கு ஓவன் திருகை 180இல் வைத்தோம். 15 நிமிடத்தில் சிவப்பு விளக்கு அணைந்தது. உள்ளே முள் 172இல் நின்றது. எட்டுப் பாகை வித்தியாசம் பெரிய குற்றம் அல்ல. அதில் சுட்ட கேக் 30 நிமிடத்தில் மட்டமாக வந்தது.

மாலை ஏழு மணிக்கு அதே திருகு, அதே 180. 15 நிமிடம் போயிற்று, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. 25 நிமிடம் போன பிறகும் அணையவில்லை. உள்ளே முள் 150க்குச் சற்று மேலே சோம்பலாக நின்றது. இவ்வளவு நாளும் அவர் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு, விளக்கைப் பார்க்காமல் கலவையை உள்ளே தள்ளியிருக்கிறார். அப்போது அது 130, 140கூட இருந்திருக்காது.

நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டர், தொலைக்காட்சி என்று ஒன்றாக ஓடும்போது நீண்ட வழியின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் குறைந்துவிடும். சூட்டுக் கம்பி தரும் வெப்பம் அந்தக் குறைவுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை, அதன் வர்க்கத்தில் குறைகிறது. 230 என்பது 200 ஆனால் அழுத்தத்தில் இழப்பு எட்டில் ஒரு பங்களவு, வெப்பத்தில் இழப்போ ஏறக்குறைய கால்வாசி. மெல்லிய தகட்டு ஓவன் வெளியே விடும் சூட்டையும் கணக்கில் எடுத்தால் 180க்கு ஏறவே முடியாமல் போகிறது.

சூடு மெல்ல ஏறினால் இரண்டு கெடுதி. சுவர் உறைவதற்குள் குமிழ்கள் பெருத்து ஒன்றோடொன்று கலந்து உடைகின்றன. அதோடு 30 நிமிடம் என்று புத்தகக் கணக்குக்கு எடுத்தால் நடுப்பகுதி கூழாகவே இருக்கும்.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: சிவப்பு விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரியும் வரை கலவையை உள்ளே வைக்காதீர்கள். மாலையில் விளக்கு அணையவே மறுத்தால் அன்று ஸ்பொஞ்சு வேண்டாம், விடியற்காலை ஐந்து மணிக்குச் சுடுங்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் சுட்டு அனுப்பிய படத்தில் பட்டை இல்லை. மாவும் முட்டையும் பழையவைதான்.

ஓவன் சூடாகும் வரை கலவையை அடித்து வைத்துவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. நுரை நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும். விளக்கு அணைந்த பிறகு மாவைச் சேருங்கள்.

இடையில் திறந்து பார்க்கலாமா?

30 நிமிடக் கேக்கென்றால் முதல் 22, 23 நிமிடம் தொடாதீர்கள். மேசை ஓவனின் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சூட்டுக் காற்று ஒரே மூச்சில் வெளியே வந்துவிடும். சுவர் இறுகாத நேரத்தில் அது நடந்தால் நடு இறங்கும், பிறகு எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஏறாது. கண்ணாடியில் கறை படிந்து உள்ளே தெரியவில்லை என்பது சாட்டு அல்ல, கண்ணாடியைக் கழுவுங்கள்.

பேக்கிங் பவுடரைக் கூட்டினால் நன்றாக எழும்பும் என்று அயலில் சொன்னார்கள். ஒரு மேசைக்கரண்டி போட்டேன். எழும்பியது, பிறகு ஓவனுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

எழும்பியதால்தான் விழுந்தது. 4 முட்டையை ஒழுங்காக அடித்தால் பேக்கிங் பவுடரே தேவையில்லை. மனத்துக்கு ஆறுதல் வேண்டுமென்றால் 120 கிராம் மாவுக்கு அரைத் தேக்கரண்டி. மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி, அதாவது ஆறு மடங்கு. அவ்வளவு வாயுவைத் தாங்கும் சுவர் அந்த மாவில் இல்லை. ஊதிய பலூன் போல விரிந்து, மெலிந்து, சுவர் இறுகுவதற்கு முன் உடைந்துவிடும்.

பேக்கிங் பவுடர் பழசாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டுக் கூடுதலாகப் போடுபவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் கால் கோப்பை சுடுநீரில் அரைத் தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோர்ந்துபோய் நாலு குமிழ் விட்டால் வீசிவிடுங்கள். பழைய பவுடர் கேக்கைத் தட்டையாக்கும், குழி விழுத்தாது.

அப்பச்சோடாவை அதே அளவில் மாற்றிப் போடுவது இன்னொரு வழக்கம். அது பேக்கிங் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு வலியது. அதோடு அது முழுதாக வேலை செய்யத் தயிர், எலுமிச்சம்புளி போன்ற புளிப்பு வேண்டும். இந்தக் கலவையில் புளிப்பு இல்லை. குழியோடு சவர்க்கார வாசமும் கிடைக்கும்.

உயரமான கேக்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 8 அங்குல அளவை அப்படியே 6 அங்குலத் தட்டில் ஊற்றினால் என்ன?

குழி நிச்சயம். இரண்டு அங்குலம்தானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் தட்டின் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது: 8 அங்குலத் தட்டு ஏறக்குறைய 50 சதுர அங்குலம், 6 அங்குலத் தட்டு 28. ஆகவே 8 அங்குலத் தட்டில் ஒன்றரை அங்குலம் நின்ற கலவை சின்னத் தட்டில் இரண்டரை அங்குலத்துக்கு மேல் நிற்கும். சூடு நடுவுக்குப் போய்ச் சேர வேண்டிய தூரம் கூடிவிட்டது. மெல்லிய நுரை சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி என்பதால் நேரமும் அதே விகிதத்தில் அல்ல, அதைவிட அதிகமாகக் கூடும். அதுவரை சுட்டால் ஓரம் பாணின் ஓடு போலக் காய்ந்துவிடும்.

சின்னத் தட்டு என்றால் 2 முட்டைக் கலவை ஒரு தட்டுக்குப் போதும். உயரம் வேண்டுமென்றால் இரண்டு, மூன்று தட்டாகச் சுட்டு அடுக்குங்கள். கடையில் பார்க்கிற உயரக் கேக்குகளும் அடுக்கியவைதான். எந்தத் தட்டாக இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

முட்டையை எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும்? கூடுதலாக அடித்தாலும் அமுங்குமா?

நிமிடக் கணக்கு சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஒவ்வொரு பீற்றரும் ஒவ்வொரு வேகம். பீற்றரைத் தூக்கி, வடியும் கலவையால் மேலே ‘ட’ என்று எழுதுங்கள். எழுதி முடித்து மூச்சு விட்ட பிறகும் முதல் கோடு மறையாமல் நின்றால் போதும். அதற்கு முன் நிறுத்தினால் கேக் எழும்பாமல் தட்டையாகவே இருக்கும்; குழி விழ அதற்கு உயரமே இருக்காது. கூடுதலாக, அதுவும் முழு வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தால் பெரிய பெரிய குமிழ்கள் நிறைந்துவிடும். பெரிய குமிழுக்கு ஆயுசு குறைவு. கடைசி ஒரு நிமிடம் பீற்றரை மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பெரியவை உடைந்து கலவை பட்டுப் போல் ஆகும்.

முட்டை குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே வந்திருந்தால் குளிர் விடும் வரை கொஞ்சம் வெளியே வையுங்கள். நம் ஊர் வைகாசி வெயிலில் அதற்கு அரை மணி நேரம்கூடத் தேவையில்லை.

நான் ரின்பால் பேணியால்தான் எல்லாவற்றையும் அளக்கிறேன். அம்மா அப்படித்தான் செய்தார்.

அம்மா செய்தது ஒரே பேணியால், ஒரே வகைச் சீனியை, தன் கைப்பழக்கத்தில். நீங்கள் இணையத்தில் பார்த்த அளவை அம்மாவின் பேணியில் அளக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். சீனியில்தான் இது அதிகம் கடிக்கும். ஒரு கோப்பை மணிச்சீனி 200 கிராம் வரும். அதே கோப்பை அரைத்த சீனி என்றால் 120 கிராம் அளவில்தான் இருக்கும். அரைத்த சீனிக்குச் சொன்ன அளவில் மணிச்சீனியை அள்ளிப் போட்டால் சீனி ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். சீனி கூடினால் முட்டையும் மாவும் இறுகுவதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். வழக்கமான நேரத்தில் எடுத்தால் நடு இறங்கும். மேல் தோலில் சின்னச் சின்னப் புள்ளிகளும் ஒட்டும் பசையும் தெரிந்தால் சீனியைச் சந்தேகியுங்கள்.

ஒரு மின்னணுத் தராசு வாங்குங்கள். அதுவரை பேணியை விடாதீர்கள், ஆனால் சீனியை நிறுத்து வாங்கும்போது உங்கள் பேணிக்கு எத்தனை கிராம் பிடிக்கிறது என்று கடைத் தராசில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பாதியில் மின்சாரம் போய்விட்டால்?

கதவைத் திறக்காதீர்கள். 30 நிமிடத்தில் 22 நிமிடம் கடந்திருந்தால் மூடிய ஓவனின் மிச்சச் சூடு பெரும்பாலும் காப்பாற்றிவிடும். 15 நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் பாருங்கள். முதல் 10, 12 நிமிடத்துக்குள் போனால் கேக் போய்விட்டது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணி நேரம் வெட்டிய நாட்களில் எனக்கு இரண்டு கேக் இப்படிப் போயின. அதன் பிறகுதான் மணல் சட்டிக்குத் திரும்பினேன்.

மணல் சட்டியிலும் ஸ்பொஞ்சு சுடலாமா? எனக்கு அதிலும் நடு அமுங்குகிறது.

சுடலாம். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் வன்னியில் வேறு எதில் சுட்டோம்? அம்மா அலுமினியச் சட்டியில் ஓர் அங்குலம் ஆற்று மணல் போட்டு, மேலே மூன்று சிறு கல் வைத்து, அதில் தட்டை இருத்துவார். மூடிக்குப் பதிலாகத் தட்டையான தாச்சி. அதற்குள் சிரட்டைக் கரித் தணல்.

உங்கள் சட்டியில் மேலே தணல் இல்லை என்று நினைக்கிறேன். காஸ் அடுப்பில் வெறும் மூடியோடு வைத்தால் சூடு முழுக்கக் கீழிருந்து மட்டுமே வரும். அடி கருகத் தொடங்கும், மேல் தோல் இறுகாது. மேலே கூரை இல்லாத கேக் அமுங்கத்தான் செய்யும். இரண்டாவது, மூடியின் உட்புறத்தில் திரளும் நீர்த்துளி நடுவில் சொட்டும். மூடி நடுவில் தாழ்ந்திருந்தால் சொட்டுவது சரியாக நட்டநடுவில்தான். தணல் இருந்தால் மூடி சூடாக இருப்பதால் துளி திரளாது.

மணலை முதலில் நல்ல சூட்டில் 20 நிமிடம் வெறுமனே காய வையுங்கள். தட்டை வைத்ததும் கீழ் நெருப்பைத் தணித்து, மேலே ஒரு கைப்பிடி தணல் போடுங்கள். 15 நிமிடம் கழித்து மேல் தணலை ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காஸ் மட்டுமே வைத்திருப்பவர்கள், மேலே தணல் போட வழியில்லை என்றால், மூடியின் உட்புறத்தில் ஒரு தடித்த பருத்தித் துணியைக் கட்டி முனைகளை மேலே முடிந்துவிடுங்கள். துணி நெருப்புக்குக் கிட்டத் தொங்கக்கூடாது. சொட்டு நிற்கும், ஆனால் மேல் நிறம் வராது. நேரமும் 10 நிமிடம் கூடும்.

சுட்டு எடுத்தவுடன் தட்டை மேசையில் ‘தொப்’ என்று போடச் சொன்னார் ஒருவர். விளையாடுகிறாரா?

இல்லை. பேக்கரிக்காரர்களும் செய்வதுதான். ஒரு சாண் உயரத்திலிருந்து, தடித்த துணி விரித்த மேசையில், தட்டை நேராக ஒருமுறை விடுங்கள். உள்ளே அடைபட்டிருக்கும் சூட்டு ஆவி அந்த அதிர்ச்சியில் குமிழ்ச் சுவர்களில் நுண்ணிய வெடிப்பு விட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையும். ஆவி குளிர்ந்து சுருங்கும்போது சுவரை உள்ளிழுக்காது. ஆனால் வெந்த கேக்குக்கு மட்டும் இது உதவும். கூழ் இருக்கிற நடுவைக் கீழே போட்டால் குழி அங்கேயே, உங்கள் கண் முன்னே விழும். போட்ட பிறகு கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவிடுங்கள்.

இணையத்தில் உயரமான இடங்களில் சீனியைக் குறை, பவுடரைக் குறை என்று எழுதியிருக்கிறார்கள். நாங்களும் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். வன்னி சமதரை. அந்த அறிவுரை நுவரெலியாவில் சுடுபவருக்கு. அங்கே உயரம் 1,868 மீற்றர், காற்றழுத்தம் குறைவு, குமிழ்கள் சீக்கிரம் பெருத்துவிடும். இங்கே அதைப் பின்பற்றினால் கேக் வறண்டுபோகும்.

அமுங்கிய கேக்கைத் திரும்ப ஓவனில் வைத்தால் சரியாகுமா? இன்று மாலை விழா.

எடுத்து ஓரிரு நிமிடத்துக்குள், குழி விழத் தொடங்கும்போதே திரும்ப வைத்தால் உள்ளே வேகும். குழி நிரம்பாது. ஆறிய பிறகு வைத்தால் ஓரம் காய்வதைத் தவிர ஒன்றும் நடக்காது.

விழாவுக்கு இப்படிச் செய்யலாம். களி போன்ற பகுதியை முழுதாக வெட்டி எறிந்துவிடுங்கள், அது வேகாத முட்டை. மிச்ச வளையத்தைக் குறுக்கே இரண்டு அடுக்காகப் பிரித்து, மேல் அடுக்கைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அடிப்பக்கம் மட்டமாக மேலே வந்துவிடும். நடு ஓட்டையில் பட்டர் ஐசிங்கோடு உதிர்த்த கேக்கைக் குழைத்து அழுத்தி நிரப்புங்கள். மேலே ஐசிங் பூசினால் வெட்டும் வரை யாருக்கும் தெரியாது. வெட்டும்போது முதல் துண்டை ஓரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.